முதல் மீட்டிங்ல 11 திட்டம் வேணாம்மா, ராத்திரி ஒரு போன் காலை பத்தி மட்டும் பேசுங்க

வாசகர் கேள்வி:

"வணக்கம் டாக்டர். எனக்கு 19 வருஷ கவர்மென்ட் சர்வீஸ். போன மாசம் புரொமோஷன்ல வேற மாவட்ட மெடிக்கல் காலேஜுக்கு மகப்பேறு டிபார்ட்மென்ட் ஹெச்.ஓ.டி.யா வந்திருக்கேன். இங்க எனக்கு யாரையும் தெரியாது. வர்ற திங்கள் காலைல 9 மணிக்கு நர்ஸ், பி.ஜி. படிக்கிற டாக்டருங்க, சி.ஆர்.ஆர்.ஐ. ஹவுஸ் சர்ஜனுங்க எல்லாரையும் செமினார் ஹாலுக்கு வர சொல்லிருக்கேன். என்னை அறிமுகப்படுத்திக்கிட்டு என்னோட 11 திட்டத்தையும் சொல்ல போறேன், 22 ஸ்லைடு ரெடி. நர்ஸ் ரோஸ்டர் மாத்துறது, பி.ஜி. லாக்புக், வார்டுல செல்போன் தடை எல்லாம் அதுல இருக்கு. நான் வர்றதுக்கு 2 மாசம் முன்னாடி இங்க பிரசவத்துக்கு அப்புறம் அதிகமா ரத்தம் போன ஒரு பி.பி.எச். கேஸ்ல சீனியரை ரொம்ப லேட்டா தான் கூப்பிட்டிருக்காங்க. தாய் பிழைச்சுட்டாங்க, ஆனா கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாச்சு. அதையே உதாரணமா காட்டலாம்னு இருக்கேன். முதல் நாளே கண்டிப்பு காட்டினா தானே பயம் இருக்கும்? கடைசில 'எப்ப வேணா என்னை கூப்பிடலாம்'னு சொல்லி முடிச்சா சரியா இருக்குமா?"

பதில்:

வணக்கம்மா. புது ஊரு, புது டிபார்ட்மென்ட், பேர் தெரியாத முகங்க, இதுக்கு நடுவுல உட்கார்ந்து 22 ஸ்லைடு பண்ணிருக்கீங்கன்னா உங்க அக்கறை புரியுது. நானும் அதே சேர்ல உட்கார்ந்தவ தான், ரிட்டயர் ஆகி இப்ப சில வருஷம் ஆச்சு. என் முதல் மீட்டிங்ல நான் பண்ண தப்பை வச்சே உங்களுக்கு பதில் சொல்லிடுறேன்.

நான் ஹெச்.ஓ.டி.யா ஜாயின் பண்ணப்ப 40 நிமிஷம் பேசினேன், "எந்நேரமும் கூப்பிடுங்க"ன்னு தான் முடிச்சேன், கை கூட தட்டினாங்க. 6-வது நாள் ராத்திரி 1:40-க்கு லேபர் வார்டுல இருந்து ஒரு சிஸ்டர் போன். "மேடம், ஒரு அம்மாவுக்கு பிரசவத்துக்கு அப்புறம் பல்ஸ் ஏறிக்கிட்டே இருக்கு, பி.ஜி. தியேட்டர்ல இருக்காங்க"ன்னாங்க. தூக்க கலக்கத்துல நான் சொன்னது ஒரே வார்த்தை தான், "இதுக்கா என்னை கூப்பிட்டீங்க?" அப்புறம் விசாரிச்சேன், போனேன், அந்த அம்மாவுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா அடுத்த 4 மாசம் லேபர் வார்டுல இருந்து எனக்கு ராத்திரி போனே வரல. நான் வேற டிபார்ட்மென்ட் நல்லா ஓடுதுன்னு நினைச்சு சந்தோஷமா இருந்தேன்! அப்புறம் ஒரு இன்சார்ஜ் சிஸ்டர் டீ குடிக்கிறப்ப தான் சொன்னாங்க, "மேடத்தை கூப்பிட்டா திட்டு விழும்னு எல்லாருக்கும் தெரியும் மேடம்"ன்னு. 40 நிமிஷ பேச்சு எவனுக்கும் ஞாபகம் இல்ல, அந்த ஒரு வார்த்தை மட்டும் மூணு ஷிஃப்டுக்கும் போய் சேர்ந்திருச்சு.

அதனால திங்கள்கிழமை அந்த ஹால்ல உட்கார்ந்திருக்கிறவங்க மனசுல உங்க 11 திட்டம் எதுவும் ஓடாது. "இவங்கள ராத்திரி ரெண்டு மணிக்கு கூப்பிட்டா எனக்கு என்ன ஆகும்?" இது ஒண்ணு தான் ஓடும். இதுக்கு பதில் சொல்றது தான் உங்க அறிமுகம்.

அந்த பழைய கேஸை மேடைல எடுக்காதீங்க

உங்க நோக்கம் நல்லது தான், ஆனா யோசிச்சு பாருங்க. அந்த ராத்திரி ட்யூட்டில இருந்த சிஸ்டர் மூணாவது வரிசைல உட்கார்ந்திருப்பாங்க. அந்த பி.ஜி. இப்ப பைனல் இயர்ல இருப்பாரு, அவரை சுத்தி ஜூனியர்ஸ். நீங்க பேரு சொல்லலைன்னாலும் ஹால்ல எல்லாருக்கும் யாருன்னு தெரியும், தலை தானா திரும்பும். அன்னைக்கு நீங்க ஊர்லயே இல்ல, கேஸ் ஷீட்ல எழுதினது மட்டும் தான் உங்களுக்கு தெரியும். பி.ஜி.யை கூப்பிட்டும் அவரு எடுக்கலையா, ட்யூட்டி அசிஸ்டன்ட் வேற சிசேரியன்ல இருந்தாங்களா, பிளட் பேங்க்குக்கு போக ஆள் இல்லையா, இதெல்லாம் கேஸ் ஷீட்ல எழுதியிருக்காது. அந்த குடும்பம் நாளைக்கு கோர்ட்டுக்கு போனா நீங்க 80 பேர் முன்னாடி சொன்ன கருத்தும் ஒரு தலைவலியா வந்து நிக்கும், அதையும் மறக்காதீங்க. அந்த கேஸை பேச ஆடிட் மீட்டிங் இருக்கு, சம்பந்தப்பட்டவங்க மட்டும் உட்கார்ந்து, யாரு பண்ணாங்கன்னு கேக்காம எது தடுத்துச்சுன்னு கேக்குற இடம் அது. அங்க பேசுங்க.

பயம் இருந்தா தப்பு குறையும்னு நினைக்கிறீங்கல்ல, அங்க தான் நான் உங்களோட உடன்படல. ஹார்வர்ட்ல ஏமி எட்மண்ட்சன்னு ஒருத்தங்க 1990-கள்ல ஆஸ்பத்திரி வார்டுகள்ல மருந்து கொடுக்குறப்ப நடக்குற தப்புகளை பத்தி ஆராய்ச்சி பண்ணாங்க. நல்ல டீம்ல தப்பு கம்மியா இருக்கும்னு நினைச்சு போனா ரிசல்ட் தலைகீழா வந்துச்சு, நல்ல டீம்ல தான் தப்பு அதிகமா ரிப்போர்ட் ஆகியிருந்தது. நோண்டி பார்த்தப்ப தான் தெரிஞ்சது, அங்க தப்பு அதிகமா நடக்கல, பயமில்லாம வெளில சொல்றாங்க, அவ்வளவு தான். பயப்படுற வார்டுல தப்பு கணக்குல வராது. அதனால நீங்க போயி 3 மாசத்துல இன்சிடென்ட் ரிப்போர்ட் கூடினா பதறாதீங்க, சுத்தமா வரலைன்னா தான் பதறணும்.

"எப்ப வேணா கூப்பிடுங்க"ன்னா யாரும் கூப்பிட மாட்டாங்க

ஏன்னா அந்த வாக்கியத்துல முடிவு எடுக்குற வேலை முழுசா கூப்பிடுறவங்க தலைல விழுது. 24 வயசு சி.ஆர்.ஆர்.ஐ.யோ, தொகுப்பூதியத்துல இருக்குற எம்.ஆர்.பி. நர்ஸோ ராத்திரி 2 மணிக்கு "இது மேடத்தை எழுப்புற அளவுக்கு பெரிய விஷயமா?"ன்னு யோசிச்சுக்கிட்டு நிக்கிறப்ப ரத்தம் அது பாட்டுக்கு போய்க்கிட்டு இருக்கும். அந்த முடிவை அவங்க கிட்ட இருந்து எடுத்து ஒரு நம்பர் கிட்ட கொடுங்க. இந்த நம்பர் வந்துச்சா, கூப்பிட்டே ஆகணும், கூப்பிட்டது சரியா தப்பான்னு யாரும் கேக்க கூடாது.

உங்க ஊர் கேஸ் பி.பி.எச்.ங்கிறதால அதையே எடுத்துக்குவோம். ரத்தம் எவ்வளவு போச்சுன்னு கண்ணால பார்த்து சொல்றது எப்பவுமே குறைச்சு தான் வரும், இது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சும் "200, 250 இருக்கும்"னு தான் எழுதிக்கிட்டு இருக்கோம். 2023-ல வெளியான ஈ-மோட்டிவ் ஆய்வுல ஆப்பிரிக்காவுல 4 நாட்டுல 80 ஆஸ்பத்திரியை எடுத்து, அதுல பாதில மட்டும் அளவு கோடு போட்ட பிளாஸ்டிக் டிரேப்பை பிரசவமான உடனே போட்டு ரத்தத்தை அளந்தாங்க, கண்டுபிடிச்ச உடனே சிகிச்சையை ஒண்ணொண்ணா பார்க்காம மொத்தமா கொடுத்தாங்க. வழக்கமா பார்க்குற ஆஸ்பத்திரில பாதி பி.பி.எச். தான் நேரத்துக்கு பிடிபட்டுச்சு, டிரேப் போட்ட இடத்துல 93 சதவீதம். ரத்தப்போக்கு மோசமான நிலைக்கு போறது, வயிறை திறக்குற ஆபரேஷன், சாவு, மூணும் சேர்ந்த கணக்கு 60 சதவீதம் குறைஞ்சுது. 500 மில்லி வர்ற வரைக்கும் காத்திருக்காம, 300 மில்லியோட பல்ஸோ பி.பி.யோ சரியில்லைன்னாலே ஆரம்பிச்சிடுங்கன்னு 2025-ல உலக சுகாதார நிறுவனமும் சொல்லிருச்சு.

இப்ப இதை உங்க லேபர் வார்டுல வச்சு பாருங்க. ராத்திரி 1:10-க்கு பிரசவம். 1:25-க்கு டிரேப்ல 350 மில்லி, பல்ஸ் 112, பி.பி. 104/70. பழைய பழக்கத்துல என்ன நடக்கும்? பி.பி. 100-க்கு மேல இருக்கேன்னு ஒரு நிம்மதி, "பத்து நிமிஷம் பார்ப்போம்", பி.ஜி. பக்கத்து டேபிள்ல எபிசியோடமி தையல் போட்டுக்கிட்டு இருக்காரு, "வர்றேன் சிஸ்டர்"ங்கிறாரு. 1:50-க்கு பார்த்தா டிரேப்ல 900. சின்ன வயசு பொண்ணுங்களுக்கு பி.பி. கடைசில தான் விழும்னு நமக்கு தெரியும், விழுந்தா மொத்தமா விழும்.

புது விதி இருந்தா? 300 தாண்டிருச்சு, பல்ஸ் 100-க்கு மேல. பல்ஸை மேல் பி.பி.யால வகுத்தா 1.08, 1-க்கு மேல போனாலே அது ஆபத்து அறிகுறி. அப்ப 1:25-க்கே சிஸ்டர் பெல் அடிக்கணும், மசாஜ், ஆக்சிடோசின், டிரானெக்சாமிக் ஆசிட், ஐ.வி. ஃப்ளூயிட், எங்க இருந்து ரத்தம் வருதுன்னு பார்க்குறது, எல்லாம் ஒரே நேரத்துல ஓடணும். டிரானெக்சாமிக் ஆசிட் பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள்ள கொடுத்தா தான் பலன், அதுலயும் ஒவ்வொரு 15 நிமிஷ தாமதத்துக்கும் பலன் கிட்டத்தட்ட 10 சதவீதம் குறையுதுன்னு கணக்கு இருக்கு. "பத்து நிமிஷம் பார்ப்போம்"ங்கிறதோட விலை அது தான்.

கூப்பிடுற வரிசையையும் எழுதி ஒட்டுங்க. முதல்ல ட்யூட்டி பி.ஜி., அப்புறம் ட்யூட்டி அசிஸ்டன்ட், 5 நிமிஷத்துல ரெண்டு பேரும் நேர்ல வரலைன்னா நேரா உங்க நம்பர். இதுல ரொம்ப முக்கியம், உங்களை கூப்பிடுறது சிஸ்டராவே இருக்கலாம், பி.ஜி. கிட்ட பெர்மிஷன் கேக்க வேணாம். இதை பி.ஜி.ங்க முன்னாடியே சொல்லணும், இல்லைன்னா மறுநாள் "என்னை தாண்டி மேடத்துக்கு போன் போட்டுட்டீங்களா"ன்னு அந்த சிஸ்டர் தான் வாங்கி கட்டிக்குவாங்க. யூனிட் சீஃப்கள் கிட்ட இதை மீட்டிங்குக்கு முன்னாடியே பேசி ஒத்துக்க வச்சுடுங்க, அவங்க பேஷன்ட் விஷயத்துல அவங்களை விட்டுட்டு உங்களுக்கு போன் போறதை சில பேரு விரும்ப மாட்டாங்க. அவங்க தனியா முகம் சுளிச்சா அதை முதல்லயே தெரிஞ்சுக்கிறது நல்லது.

உங்க கையில எது இருக்கு, எது இல்ல

நர்ஸ் ரோஸ்டரை மாத்த போறேன்னு ஸ்லைடுல இருக்கு, அதை முதல்ல எடுங்க. நர்ஸுங்க உங்க டிபார்ட்மென்ட்ல வேலை பார்க்குறாங்க, ஆனா அவங்களுக்கு ட்யூட்டி போடுறது நர்சிங் சூப்பரின்டெண்டென்ட், அதுக்கு மேல டீன். மெமோவும் அந்த வழி தான். நீங்க மேடைல "ரோஸ்டரை நான் பார்த்துக்குறேன்"னு சொன்னீங்கன்னா அன்னைக்கு சாயங்காலமே சூப்பரின்டெண்டென்ட் ரூம்ல அது பேச்சா இருக்கும், அதுக்கப்புறம் உங்களுக்கு ஒரு நல்ல சிஸ்டரை லேபர் வார்டுல நிரந்தரமா வச்சுக்கணும்னா கூட நடக்காது. திங்களுக்கு முன்னாடியே அவங்க ரூமுக்கு நீங்களே போங்க, அவங்களை வர சொல்லாதீங்க. "ட்ரெயினிங் எடுத்த சிஸ்டர்ஸை 6 மாசமாவது லேபர் வார்டுல இருந்து மாத்தாம இருக்க முடியுமா?"ன்னு கேளுங்க. கோரிக்கையா கேட்டா கிடைக்க வாய்ப்பு இருக்கு.

பி.ஜி. விஷயம் வேற, அவங்க உங்க பொறுப்பு. லாக்புக் கண்டிப்பா பாருங்க, தப்பே இல்ல. ஆனா அதுக்கு முன்னாடி ஃபர்ஸ்ட் இயர் பி.ஜி. ஒருத்தர் போன வாரம் எத்தனை மணி நேரம் தூங்கினாருன்னு கேளுங்க. தேசிய மருத்துவ ஆணையம், அதான் என்.எம்.சி.யோட 2023 பி.ஜி. விதிமுறைலயே நியாயமான வேலை நேரம், ஓய்வு, வேலை நெருக்கடியை பொறுத்து வாரம் ஒரு நாள் லீவுன்னு இருக்கு. அவங்களே அமைச்ச குழு 2024-ல வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல போக வேணாம்னு பரிந்துரை பண்ணுச்சு, பரிந்துரை தான், சட்டம் இல்ல, இருந்தாலும் கேள்வி வந்தா பதில் சொல்ல வேண்டியது நீங்க தான். சீனியர் பி.ஜி. ஃபர்ஸ்ட் இயரை சாப்பாடு வாங்க அனுப்புறது, கேஸ் ஷீட் மொத்தமும் எழுத வைக்கிறது, "தண்டனை ட்யூட்டி" போடுறது எல்லாம் நம்ம காலத்துல பழக்கம்னு சிரிச்சோம், இன்னைக்கு என்.எம்.சி.யோட 2021 ராகிங் தடுப்பு விதிமுறைப்படி அது புகாரா வந்தா டிபார்ட்மென்டும் மாட்டும். தூங்காத பி.ஜி. தான் "வர்றேன் சிஸ்டர்"ன்னு சொல்லிட்டு வராம இருக்கிறவரு, அதனால இது உங்க பி.பி.எச். திட்டத்துக்கு வெளில இருக்குற விஷயம் இல்ல.

செல்போன் தடை இப்ப வேணாம். ராத்திரி என்னை கூப்பிடுங்கன்னு சொல்லிட்டு போனை பூட்டி வைங்கன்னா எப்படிம்மா!

திங்கள்கிழமையை கொஞ்சம் மாத்திக்கோங்க

காலை 9 மணி லேபர் வார்டுல ரவுண்ட்ஸும் ஓ.பி.யும் மோதுற நேரம். அப்ப கூப்பிட்டா வேலை உள்ளவங்க வர மாட்டாங்க, வேலை இல்லாதவங்க வருவாங்க, நைட் ட்யூட்டி முடிச்சவங்க பாதி தூக்கத்துல உட்கார்ந்திருப்பாங்க. அதை விட மதியம் ஷிஃப்ட் மாறுறப்ப, லேபர் வார்டுக்கு பக்கத்துலயே, 15 நிமிஷம் போதும். 3 நாள்ல 3 தடவை பேசுங்க, அதுல ஒண்ணு நைட் ட்யூட்டி ஆரம்பிக்கிறப்ப. ராத்திரி வேலை பார்க்குறவங்களுக்கு தான் நீங்க முக்கியமா தெரியணும், அவங்களை தான் எந்த மீட்டிங்கும் பார்க்கிறதே இல்ல. நர்ஸும் டாக்டரும் ஒரே இடத்துல இருக்கட்டும், தனித்தனியா பேசினா ரெண்டு பேருக்கும் வேற வேற சொன்னீங்கன்னு தான் பேச்சு வரும். எல்லாருக்கும் சேர் போடுங்க. இல்லைன்னா டாக்டருங்க உட்காருவாங்க, சிஸ்டர்ஸ் சுவத்துல சாய்ஞ்சு நிப்பாங்க, நீங்க வாயை திறக்குறதுக்கு முன்னாடியே பாதி சொல்லியாச்சு.

என்ன பேசலாம்னா, கிட்டத்தட்ட இப்படி:

"என் பேரு இது, இந்த ஊர்ல இருந்து வர்றேன், 19 வருஷம் பிரசவம் பார்த்திருக்கேன். உங்க வார்டு எப்படி ஓடுதுன்னு எனக்கு தெரியாது, உங்களுக்கு தெரியும். அதனால ஒரு மாசத்துக்கு நான் எதையும் மாத்த போறதில்ல, ஒண்ணே ஒண்ணை தவிர. பிரசவத்துக்கு அப்புறம் ரத்தத்தை அளக்கணும், 300-ம் பல்ஸ் 100-ம் தாண்டினா கூப்பிடணும், பல்ஸ் நல்லா இருந்தாலும் 500 வந்துட்டா கூப்பிடணும். யாரு வேணா கூப்பிடலாம். வந்து பார்த்து ஒண்ணும் இல்லைன்னா நான் போய் தூங்குவேன், உங்களை எதுவும் கேக்க மாட்டேன். கேட்டேன்னா மறுநாள் என் முகத்துக்கு நேரா சொல்லுங்க. என் நம்பர் லேபர் வார்டு போனுக்கு மேல ஒட்டியிருக்கு."

5 நிமிஷம் கூட ஆகாது. மீதி 10 நிமிஷம் கேளுங்க. ஆனா "ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க"ன்னா ஹால் அமைதியா இருக்கும், அது குறை இல்லைங்கிற அமைதி இல்ல. ஒரு சின்ன துண்டு பேப்பர் கொடுத்து ஒரே கேள்வி கேளுங்க, "போன நைட் ட்யூட்டில எதை தேடி ஓடினீங்க?" பேரு எழுத வேணாம். எங்க டிபார்ட்மென்ட்ல நான் ரெண்டாவது தடவை புத்தி வந்து இதை கேட்டப்ப 31 பேப்பர்ல 9-ல ஒரே பதில், ஃபிரிட்ஜ் சாவி. ஆக்சிடோசினை 2-ல இருந்து 8 டிகிரில வைக்கணும்னு ஃபிரிட்ஜ்ல வச்சு, ஸ்டாக் குறையக்கூடாதுன்னு பூட்டு போட்டு, சாவி பகல் இன்சார்ஜ் மேசை டிராயர்ல. ராத்திரி டிராயரும் பூட்டு. ஒவ்வொரு நைட்டும் யாராவது ஒருத்தர் பக்கத்து வார்டுக்கு ஓடி ஆம்பியூல் கடன் வாங்கிக்கிட்டு இருந்திருக்காங்க, நான் ஹெச்.ஓ.டி.யா இருந்த அத்தனை மாசமும். மறுநாளே சாவியை ட்யூட்டி சிஸ்டர் கையெழுத்து போட்டு வாங்கிக்கிற மாதிரி பண்ணோம், செலவு பூஜ்யம். உங்களுக்கும் பேப்பர்ல பி.பி. கஃப், டார்ச் லைட், பிளட் பேங்க்குக்கு ஓட ஆள், இப்படி ஏதாவது வரும். ஒரு வாரத்துக்குள்ள ஒண்ணையாவது சரி பண்ணிட்டு அதை நோட்டீஸ் போர்டுல எழுதுங்க.

டிரேப் உடனே ஸ்டாக்ல கிடைக்கலைன்னா காத்திருக்காதீங்க, வழக்கமான ஷீட்டுக்கு அடியில அளவு கோடு போட்ட பாத்திரம் வச்சு, நனைஞ்ச துணியை எடை போட்டு காய்ஞ்ச எடையை கழிச்சா 1 கிராமுக்கு சுமாரா 1 மில்லி. கொஞ்சம் சிரமம் தான், இருந்தாலும் கண் மதிப்பை விட பல மடங்கு மேல். டீன் ஆபீஸ்ல இன்டென்ட் போடுறப்ப மாசத்துக்கு எத்தனை பிரசவம்னு கணக்கோட போடுங்க, இல்லைன்னா ஃபைல் திரும்பி வரும்.

மீதி 10 திட்டத்தையும் தூக்கி போட சொல்லல, பத்திரமா வைங்க. ஒரு மாசம் கழிச்சு எத்தனை ராத்திரி போன் வந்துச்சு, எத்தனை தடவை நேரத்துக்கு அளந்தாங்கன்னு கேஸ் ஷீட்டை எடுத்து பாருங்க. போன் 2 மட்டும் வந்து, பி.பி.எச். 9 பதிவாகியிருந்தா கூப்பிடுறதுல இன்னும் எங்கயோ தடங்கல் இருக்குன்னு அர்த்தம், அடுத்த திட்டத்துக்கு போகாதீங்க.

இன்னொண்ணு, முதல் போன் அனேகமா தேவையில்லாத போனா தான் வரும். யாராவது உங்களை சோதிச்சு பார்ப்பாங்க, வேணும்னே இல்லைன்னாலும். 320 மில்லி, பல்ஸ் 102, நீங்க போய் சேர்றதுக்குள்ள எல்லாம் அடங்கியிருக்கும். அப்ப டிரேப்பை பாருங்க, கேஸ் ஷீட்ல நேரத்தை சரியா எழுதியிருக்காங்களான்னு பாருங்க, "கரெக்டா கூப்பிட்டீங்க சிஸ்டர்"ன்னு பி.ஜி. காதுல விழுற மாதிரி சொல்லிட்டு, முடிஞ்சா அங்கயே ஒரு டீ குடிச்சிட்டு வீட்டுக்கு வாங்க.